பிறந்து ஆறு மாதம், வயது மூன்று மாதம்

மருந்துக் கடையில் கேட்கும் முதல் கேள்வி, “குழந்தைக்கு எத்தனை மாசம்?” நிறைமாதத்தில் பிறந்த குழந்தை என்றால் ஒரே பதில்தான். ஏழாம் மாதத்திலேயே பிறந்துவிட்ட குழந்தைக்கு இரண்டு பதில்கள் உண்டு. இரண்டும் சரியானவை. எந்த மருந்துக்கு எந்தப் பதிலைச் சொல்ல வேண்டும் என்பதில்தான் பிழை நேர்கிறது. பிழை இரு பக்கமும் நேரலாம்: சில மருந்துகளில் அளவு கூடிவிடும், சிலவற்றில் தேவையானது கிடைக்காமலே போகும்.

ஒரு குழந்தையைக் கற்பனை செய்துகொள்வோம். 28 வாரம் முடிந்ததும் பிறந்த பெண் குழந்தை, எடை 1,050 கிராம். கர்ப்பக் கணக்கு 40 வாரம் என்பதால், 12 வாரம் முன்னதாக வந்துவிட்டாள். இன்று அவள் பிறந்து 26 வாரம், அதாவது ஆறு மாதம். இது பிறந்த வயது. இதிலிருந்து அந்த 12 வாரத்தைக் கழித்தால் 14 வாரம், மூன்று மாதத்துக்குச் சற்று மேல். இது திருத்திய வயது. பச்சிளங்குழந்தை மருத்துவர்கள் மூன்றாவதாக ஒரு கணக்கும் வைத்திருக்கிறார்கள்: கர்ப்பத்தில் இருந்த வாரங்களையும் பிறந்த பின் கழிந்த வாரங்களையும் கூட்டுவது. இவளுக்கு 28 கூட்டல் 26, மொத்தம் 54 வாரம். மொத்த வாரத்தில் 40 தாண்டிய மிச்சம்தான் திருத்திய வயது. பிரசவ தேதிக்கு முன்பு திருத்திய வயது என்று ஒன்று இருக்க முடியாது என்பதால், மருத்துவமனைக்குள் மொத்த வாரக் கணக்கே புழங்குகிறது.

கழித்தல் எளிது. எதிலிருந்து கழிக்கிறோம் என்பதில்தான் தகராறு. “எட்டாம் மாசத்துல பொறந்தது” என்று வீட்டில் சொல்லும் குழந்தை 32 வாரமாகவும் இருக்கலாம், 35 வாரமாகவும் இருக்கலாம். மருந்துக்கு அந்த மூன்று வாரம் பெரிய வித்தியாசம். முதல் மூன்று மாதத்துக்குள் எடுத்த ஸ்கேன் இருந்தால் கணக்கு நம்பகமானது. அது இல்லாவிட்டால், குழந்தையின் தோல், காது மடல், கைகால் மடங்கும் விதம் ஆகியவற்றுக்கு மதிப்பெண் போட்டு வாரத்தைக் கணிக்கும் பல்லார்டு முறை இருக்கிறது. அதிலும் இரண்டு வாரம் வரை முன்பின் ஆகலாம். ஆகவே டிஸ்சார்ஜ் சம்மரியில் ‘குறைமாதம்’ என்று மட்டும் எழுதியிருந்தால், எத்தனை வாரம் எத்தனை நாள் என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். பின்னால் வரும் எல்லாக் கணக்குக்கும் அந்த ஒரு எண்தான் அடி.

இந்தக் கணக்கு மருந்துக்கும் தேவை என்று மருத்துவ உலகம் கற்றுக்கொண்டது பெரிய விலை கொடுத்துத்தான். 1950களில் குறைமாதக் குழந்தைகளுக்குக் கிருமித் தொற்று வந்துவிடக் கூடாதென்று முன்கூட்டியே ஆன்டிபயாடிக் கொடுக்கும் வழக்கம் இருந்தது. அப்படிக் கொடுத்தவற்றில் ஒன்று குளோரம்பெனிகால். பெரியவர்களுக்கு டைபாய்டில் உயிர் காத்த மருந்து. லாஸ் ஏஞ்சலிஸ் கவுன்டி மருத்துவமனையில் பர்ன்ஸ், ஹாட்ஜ்மன், காஸ் ஆகிய மூவரும் குறைமாதக் குழந்தைகளைக் குழுக்களாகப் பிரித்து ஒப்பிட்டு, 1959இல் முடிவை வெளியிட்டார்கள். மருந்தே பெறாத குழுவில் இறப்பு ஐந்தில் ஒன்றுக்கு அருகில். குளோரம்பெனிகால் பெற்ற குழுவில் பாதிக்கும் மேல். மருந்து தொடங்கிய சில நாளில் வயிறு உப்பி, பால் குடிப்பதை நிறுத்தி, உடல் சாம்பல் நிறமாகி, ரத்த ஓட்டம் தளர்ந்து அந்தக் குழந்தைகள் இறந்தன.

பெரியவர் உடலில் கல்லீரல் அந்த மருந்துடன் ஒரு சர்க்கரை அமிலத்தை இணைத்து நீரில் கரைவதாக மாற்றும்; சிறுநீரகம் அதை வெளியே தள்ளும். குறைமாதக் குழந்தையின் கல்லீரலில் அந்த இணைப்பைச் செய்யும் நொதி இன்னும் போதிய அளவு வந்திருக்காது. சிறுநீரகமும் மெதுவாகத்தான் வடிகட்டும். எடைக்கேற்ற அளவு என்று நினைத்துக் கொடுத்தது, ஒவ்வொரு வேளையும் முந்தைய வேளையின் மிச்சத்தோடு சேர்ந்து ஏறிக்கொண்டே போனது. எடையை வைத்துக் கணக்கிட்டால் மட்டும் போதாது என்பது அங்கே தெரிந்தது.

நம் குழந்தைக்கு வருவோம். முதல் வாரத்தில் தொற்று இருக்குமோ என்ற சந்தேகத்தில் அவளுக்கு ஜென்டாமைசின் தொடங்குகிறார்கள். இதில் முதலில் பார்க்கும்போது தலைகீழாகத் தோன்றும் ஒரு விஷயம் இருக்கிறது. பரவலாகப் பின்பற்றப்படும் அட்டவணையில், நிறைமாதக் குழந்தைக்கு முதல் வாரத்தில் கிலோவுக்கு 4 மில்லிகிராம், 24 மணி நேரத்துக்கு ஒரு முறை. 30 வாரத்துக்குள் பிறந்த குழந்தைக்கோ கிலோவுக்கு 5 மில்லிகிராம். சின்ன உடம்புக்கு எதற்குக் கூடுதல்? ஜென்டாமைசின் உடலின் நீரில் பரவும் மருந்து. குறைமாதக் குழந்தையின் எடையில் ஐந்தில் நான்கு பங்குக்கும் மேல் நீர்தான். கிருமியைக் கொல்லும் உச்ச அளவை ரத்தம் எட்ட வேண்டுமானால் ஒரு வேளை மருந்து சற்றுக் கூடுதலாகத்தான் போக வேண்டும். ஆனால் அடுத்த வேளை 48 மணி நேரம் கழித்துத்தான். உள்ளே போனது வெளியேற அவளுடைய சிறுநீரகத்துக்கு அவ்வளவு நேரம் வேண்டும். அளவைத் தீர்மானிப்பது நீர், இடைவெளியைத் தீர்மானிப்பது சிறுநீரகம். நம் குழந்தைக்கு 5.25 மில்லிகிராம், ஒன்றுவிட்டு ஒரு நாள்.

இரண்டு வாரம் கழிந்ததும் அதே அட்டவணை அவளுக்கான இடைவெளியை 36 மணி நேரமாகக் குறைக்கிறது. மொத்த வாரம் 28லிருந்து 30 ஆனது மட்டும் இதற்குக் காரணமில்லை. பிறப்பு என்ற நிகழ்வே சிறுநீரகத்தை எழுப்பிவிடுகிறது. கருப்பையில் அந்த வேலையைப் பெருமளவு நஞ்சுக்கொடி பார்த்துக்கொண்டது. வெளியே வந்த பின் ரத்த ஓட்டம் மாறி, வடிகட்டும் வேகம் நாளுக்கு நாள் ஏறும். 32 வாரத்தில் இன்று பிறந்த குழந்தையையும், 28 வாரத்தில் பிறந்து நான்கு வாரம் வெளியே வாழ்ந்த குழந்தையையும் பக்கத்தில் பக்கத்தில் படுக்க வைத்தால், மொத்த வாரம் இருவருக்கும் 32தான். ஆனாலும் பொதுவாக இரண்டாமவளின் சிறுநீரகமே அதிகம் வடிகட்டும். ஆகவே, ‘குறைமாதக் குழந்தைக்கு எல்லா மருந்தும் திருத்திய வயதுப்படிதான்’ என்று ஒரே வாக்கியத்தில் முடித்துவிடுவது எனக்கு உடன்பாடில்லை. நல்ல மருந்து அட்டவணைகள் இரண்டு வயதையும் கேட்கின்றன.

அட்டவணை சரியாக இருந்தும் ஒரு குழந்தையின் உடல் அதற்குள் அடங்காமல் போகலாம். அதைக் கண்டுபிடிக்க, அடுத்த வேளை கொடுப்பதற்குச் சற்று முன் ரத்தம் எடுத்து மிச்சம் எவ்வளவு என்று பார்ப்பார்கள். லிட்டருக்கு 2 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கியிருக்க வேண்டும். 1க்குக் கீழே என்றால் இன்னும் நல்லது. இறங்கவில்லை என்றால் இடைவெளியை நீட்டுவார்கள். கிரியேட்டினின் பரிசோதனை முதல் சில நாளில் அவ்வளவாக உதவாது. அப்போது குழந்தையின் ரத்தத்தில் தெரிவது பெரும்பாலும் தாயிடமிருந்து வந்த கிரியேட்டினின்.

மொத்த வாரத்தை வெளிப்படையாகவே விதியாக எழுதி வைத்திருக்கும் மருந்து செப்ட்ரியாக்சோன். நம் ஊர் மருத்துவமனைகளில் அடிக்கடி கையில் எடுக்கும் ஊசி. மொத்தம் 41 வாரம் ஆகும்வரை குறைமாதக் குழந்தைக்கு இதைப் போடக் கூடாது என்று மருந்துக் குறிப்பிலேயே இருக்கிறது. ரத்தத்தில் மஞ்சள் நிறமியைச் சுமந்து செல்லும் புரதத்தில் அந்த நிறமியின் இடத்தை இந்த மருந்து பிடித்துக்கொள்ளும். இடம் இழந்த நிறமி மூளைக்குள் போய்ப் படியலாம். நம் குழந்தையை 12 வார வயதில் ஒரு புதிய மருத்துவமனைக்கு எடுத்துப் போகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பதிவுச் சீட்டில் ‘வயது: 3 மாதம்’ என்று எழுதுவார்கள். மூன்று மாதக் குழந்தைக்கு அந்த ஊசி போடலாம். ஆனால் இவளுக்கு மொத்தம் 40 வாரம்தான், விலக்கு இன்னும் நீங்கவில்லை. சீட்டில் எழுதியது பொய்யும் இல்லை. அவசரப் பிரிவில் நின்று முதலில் சொல்ல வேண்டியது, “28 வாரத்துல பொறந்தவ” என்பதைத்தான்.

குழந்தை வீட்டுக்கு வந்த பின் இரண்டு வயதுகளும் நேருக்கு நேர் மோதிக்கொள்ளும் நாள் ஒன்று உண்டு. அது தடுப்பூசி நாள்.

தடுப்பூசிக்குப் பிறந்த வயதுதான் கணக்கு. பென்டாவேலன்ட் 6, 10, 14 வாரங்களில் என்றால், 28 வாரத்தில் பிறந்தவளுக்கும் பிறந்த நாளிலிருந்து எண்ணிய 6, 10, 14 வாரங்களில்தான். அளவும் குறையாது, அதே அரை மில்லி. ‘புள்ள இன்னும் தேறல, ரெண்டு மாசம் போகட்டும்’ என்று பாட்டி சொல்வதில் பாசம் இருக்கிறது, கணக்கு இல்லை. தாயிடமிருந்து எதிர்ப்புப் பொருள் பெருமளவு வந்து சேர்வது கர்ப்பத்தின் கடைசி வாரங்களில். அந்த வாரங்களை இவள் இழந்துவிட்டாள். கக்குவான் இருமல் வந்தால் மற்றவர்களைவிட இவளுக்குத்தான் ஆபத்து. தடுப்பூசிக்குப் பதில் கொடுக்க வேண்டிய நோய் எதிர்ப்பு அமைப்போ, வெளி உலகக் கிருமிகளைச் சந்தித்த நாளிலிருந்தே பழகத் தொடங்கிவிடுகிறது. ஆறாவது வாரத்தில் அவள் இன்னும் மருத்துவமனையில் இருந்தால், உடல்நிலை சீராக இருக்கும்பட்சத்தில் அங்கேயே போடுவார்கள். மிகச் சிறிய குழந்தைகளுக்கு ஊசிக்குப் பின் மூச்சு சிறிது நேரம் நின்று வருவதுண்டு என்பதால், ஓரிரு நாள் மானிட்டரில் வைத்துக் கவனிப்பார்கள்.

பத்தாவது வாரம். குழந்தை வீட்டில், எடை 2.3 கிலோ, மொத்தம் 38 வாரம். புதன்கிழமை கிராம சுகாதார செவிலியரிடம் இரண்டாவது ஊசி. மாலையில் உடம்பு சுடுகிறது. அலமாரியில் அக்கா பிள்ளைக்கு வாங்கிய பாரசிட்டமால் சிரப் இருக்கிறது. இந்த இடத்தில் வயது மாறுகிறது: ஊசிக்குப் பத்து வாரம், சிரப்புக்கு இன்னும் பிரசவ தேதியே வராத குழந்தை.

பிரிட்டனில் கடையில் விற்கும் குழந்தை பாரசிட்டமால் அட்டையில் இரண்டு மாதம் முடிந்த குழந்தைக்குத் தடுப்பூசிக் காய்ச்சலுக்கு 2.5 மில்லி என்று இருக்கும். அதோடு இரண்டு நிபந்தனைகளும் அச்சிட்டிருக்கும்: எடை 4 கிலோவுக்கு மேல் இருக்க வேண்டும், 37 வாரத்துக்கு முன் பிறந்திருக்கக் கூடாது. நம் குழந்தை வயதில் தேறுகிறாள், இரண்டு நிபந்தனைகளிலும் தோற்கிறாள். அந்த இரண்டு வரியை நம் ஊர்ப் பாட்டில்கள் எல்லாவற்றிலும் கட்டாயமாக்கினால் நன்றாக இருக்கும்.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். கிலோவுக்கு 10 மில்லிகிராம் என்று மருத்துவர் சொன்னால் இவளுக்கு ஒரு வேளைக்கு 23 மில்லிகிராம். 5 மில்லியில் 125 மில்லிகிராம் இருக்கும் சிரப்பில் அது 0.9 மில்லி. சொட்டு மருந்து பெரும்பாலும் ஒரு மில்லிக்கு 100 மில்லிகிராம். அதில் வெறும் 0.23 மில்லி. இப்போது அக்கா பிள்ளைக்குக் கொடுத்த பழக்கத்தில் சிரப்பை 2.5 மில்லி ஊற்றினால் 62.5 மில்லிகிராம், அதாவது கிலோவுக்கு 27. ஒரு நாளில் நான்கு தடவை என்றால் கிலோவுக்கு 109 மில்லிகிராம் போய்விடும். பிரிட்டிஷ் குழந்தை மருந்துக் கையேடு மொத்தம் 32 வாரம் தாண்டிய பச்சிளங்குழந்தைக்கு ஒரு நாளைக்கு வைத்திருக்கும் உச்சவரம்பு கிலோவுக்கு 60தான். 28 முதல் 32 வாரம் வரை அதுவே 30. இந்த வரம்பு வாரத்தோடு ஏறுவதற்குக் காரணம், குளோரம்பெனிகாலில் பார்த்த அதே இணைப்பு வேலைதான். பாரசிட்டமாலை வெளியேற்ற இளங்குழந்தைக்கு இன்னொரு வழியும் இருப்பதால் அது குளோரம்பெனிகால் அளவுக்குக் கொல்லும் மருந்தாக ஆகவில்லை. ஆனால் வேகம் குறைவு. வேளைகளுக்கு நடுவே ஆறிலிருந்து எட்டு மணி நேரம் வேண்டும்.

பாரசிட்டமால் கூடிவிட்டதை முதல் நாளில் முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. வாந்தியோ சோர்வோ இருக்கலாம், எதுவுமே இல்லாமலும் இருக்கலாம். கல்லீரல் பாதிப்பு பிறகுதான் வெளிப்படும். ஆகவே அறிகுறிக்காகக் காத்திருக்காமல், எந்த மருந்து, எத்தனை மில்லி, எத்தனை மணிக்கு என்று எழுதிக்கொண்டு பாட்டிலோடு மருத்துவமனைக்குப் போவதுதான் சரி. இன்னொன்று, மொத்தம் 38 வாரக் குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் மருத்துவர் கண்ணில் அது பச்சிளங்குழந்தையின் காய்ச்சல். ஊசியால் வந்ததா, ரத்தத்தில் தொற்றா என்று வீட்டில் பிரித்துச் சொல்ல இயலாது. தெர்மாமீட்டர் 38 டிகிரி செல்சியஸ், அதாவது 100.4 பாரன்ஹீட் காட்டினால் சிரப்பைத் தேடாமல் மருத்துவரைத்தான் தேட வேண்டும். உடம்பு சில்லிட்டுப் பால் குடிக்காமல் கிடந்தாலும் அதேதான்.

இத்தனையும் படித்தவர்கள் ‘சரி, எதையும் திருத்திய வயதுக்குக் குறைத்துக் கொடுத்துவிட்டால் பாதுகாப்பு’ என்று நினைக்கக்கூடும். இரும்புச் சத்தில் அந்த நினைப்பே ஆபத்து.

கருவில் இருக்கும் குழந்தை தன் இரும்புக் கையிருப்பில் பெரும்பகுதியைத் தாயிடமிருந்து பெறுவது கடைசி மூன்று மாதத்தில். நிறைமாதக் குழந்தை அந்தச் சேமிப்பை வைத்து நான்கைந்து மாதம் ஓட்டிவிடும். 28 வாரத்தில் பிறந்தவளிடம் சேமிப்பே மிகக் கொஞ்சம். பரிசோதனைக்கென்று ரத்தமும் எடுத்திருப்பார்கள். அவளோ பிறந்த எடையைப் போல் இரண்டு மடங்காக, மூன்று மடங்காக வேகமாக வளர்கிறாள். அதற்கேற்பப் புது ரத்தமும் ஊற வேண்டும். ஆகவே, ஒன்றரைக் கிலோவுக்குக் கீழே பிறந்து தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்கு இரண்டாவது வாரத்திலிருந்தே கிலோவுக்கு 2 முதல் 4 மில்லிகிராம் வரை இரும்பு தர உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது. பால் முழுமையாகச் செரிக்கும்வரை காத்திருந்து, இரண்டிலிருந்து நான்கு வாரத்துக்குள் தொடங்கும் மருத்துவமனைகளும் உண்டு. பலமுறை ரத்தம் ஏற்றிய குழந்தைக்குத் தள்ளிப்போடுவதும் உண்டு, ஏற்றிய ரத்தத்திலேயே இரும்பு இருப்பதால். எப்படியானாலும் இங்கே எண்ணப்படுவது பிறந்த வயது. இரண்டு மாதத்தில் தொடங்கலாம் என்று திருத்திய வயதை எண்ணிக்கொண்டு காத்திருந்தால், அது வருவதற்குள் அவள் பிறந்து ஐந்து மாதம் ஆகியிருக்கும். ரத்தசோகை அதற்கு முன்பே வந்துவிடும்.

தொடங்கும் நாளைப் பிறந்த வயது சொல்கிறது. அளவைச் சொல்வது அன்றைய எடை. இதில் நடக்கும் தவறு சத்தமில்லாதது. டிஸ்சார்ஜ் ஆகும்போது 2.3 கிலோ. கிலோவுக்கு 2 மில்லிகிராம் என்ற கணக்கில் 4.6 மில்லிகிராம். ஒரு மில்லிக்கு 10 மில்லிகிராம் இரும்பு உள்ள சொட்டு மருந்தில் ஏறக்குறைய அரை மில்லி. அம்மா தவறாமல் தினமும் அரை மில்லி கொடுக்கிறாள். ஆறு மாதத்தில் குழந்தை 5 கிலோ. இன்னும் அதே அரை மில்லிதான். கிலோவுக்கு 1 மில்லிகிராம்தான் கிடைக்கிறது, வேண்டியதில் பாதி. யாரும் எதையும் மறக்கவில்லை, சீட்டில் இருந்ததை அப்படியே செய்தார்கள். எடை பார்க்கும் ஒவ்வொரு முறையும் மில்லியையும் திரும்பக் கணக்கிடச் சொல்ல வேண்டும். உள்ளங்கை, உள் இமை வெளுத்திருப்பதும், பால் குடிக்கும்போதே களைத்துப்போவதும், எடை ஏறாமல் நிற்பதும் தாமதமாகத் தெரிபவை. ஹீமோகுளோபினும் பெரிட்டினும் முன்னதாகவே காட்டிக்கொடுக்கும்.

எதிர்த்திசையில் நேரும் தவறு பாட்டில் மாறும்போது. கடைகளில் ஒரு மில்லிக்கு 10, 25, 50 மில்லிகிராம் என்று பல அடர்த்தியில் இரும்புச் சொட்டு மருந்துகள் இருக்கின்றன. ‘அது இல்லைங்க, இதுவும் அயர்ன்தான்’ என்று கொடுத்த 50 மில்லிகிராம் பாட்டிலிலிருந்து பழைய அரை மில்லியை எடுத்தால் ஐந்து மடங்கு உள்ளே போகும். அட்டையில் உப்பின் எடை ஓர் இடத்திலும், அதிலுள்ள தனி இரும்பின் எடை வேறிடத்திலும் இருக்கும். கணக்குக்கு எடுத்துக்கொள்ள வேண்டியது தனி இரும்பைத்தான்.

வைட்டமின் டியில் கர்ப்ப வாரமும் எடையும் பெரிய சிக்கல் தருவதில்லை. பல மருத்துவர்கள் ஒரு நாளைக்கு 400 யூனிட் என்றே எழுதுகிறார்கள்; மிகச் சிறிய குழந்தைகளுக்குக் கூடுதலாக எழுதுவோரும் உண்டு. சிக்கல் துளிக்குழாயில். ஒரு மில்லிக்கு 400 யூனிட் உள்ள பாட்டிலும் 800 உள்ள பாட்டிலும் ஒரே அலமாரியில் நிற்கின்றன. 400 யூனிட்டுக்கு மேல் எடுக்க இடம்கொடுக்கும் துளிக்குழாய்களைப் பற்றி அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2010ஆம் ஆண்டு ஜூனிலேயே பெற்றோரை எச்சரித்தது. வைட்டமின் டி மிகுந்தால் ரத்தத்தில் கால்சியம் ஏறும். வாந்தி, மலச்சிக்கல், அடிக்கடி சிறுநீர் என்று தொடங்கிச் சிறுநீரகம் வரை போகும். ஒரு பாட்டிலின் துளிக்குழாயை இன்னொன்றுக்கு மாற்றாமல் இருப்பதும், ‘எத்தனை சொட்டு’ என்று கேட்காமல் ‘எத்தனை மில்லி’ என்று கேட்பதும் இதைத் தடுத்துவிடும்.

ஆறு மாதத்தில் சளி பிடிக்கும். ‘ஆறு மாதம் முதல்’ என்று அட்டையில் பார்த்து எடுத்துக் கொடுக்கும் மருந்துகளில், நம் குழந்தையின் கல்லீரலுக்கும் சிறுநீரகத்துக்கும் மூன்று மாத அளவும் மூன்று மாத எச்சரிக்கையும்தான் பொருந்தும். சளி இருமல் கலவைகளைப் பொறுத்தவரை திருத்துவதற்கு எதுவும் இல்லை. குளோர்பெனிரமினும் பினைல்எப்ரினும் சேர்ந்த கலவையை நான்கு வயதுக்குக் கீழ் கொடுக்கக் கூடாது என்று இந்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2023 டிசம்பரில் உத்தரவிட்டது. எப்படிக் கழித்தாலும் கூட்டினாலும் இவள் அந்த வரம்பைத் தாண்டமாட்டாள்.

எதுவரை இப்படிக் கழித்துக்கொண்டிருப்பது? உட்காருதல், நடத்தல், பேச்சு, வளர்ச்சி வரைபடம் ஆகியவற்றுக்கு இரண்டு வயது வரை திருத்திய வயதைப் பார்ப்பது வழக்கம். மருந்துக்கு அவ்வளவு நாள் தேவைப்படுவதில்லை. மருந்தைக் கழிக்கும் வேகம் முதல் ஆண்டுக்குள் பெருமளவு வந்து சேர்ந்துவிடும். அதன் பிறகு எடைக் கணக்கே பெரும்பாலான மருந்துகளுக்குப் போதும். சிறுநீரகத்தில் மட்டும் ஒரு பாக்கி இருக்கிறது. சிறுநீரகத்தின் வடிகட்டி அலகுகள் உருவாவது ஏறத்தாழ 36 வாரத்தோடு முடிந்துவிடும். மிகக் குறைமாதத்தில் பிறந்தவர்களுக்கு அவை குறைந்த எண்ணிக்கையிலேயே நின்றுவிடக்கூடும். பின்னால் புதிதாக முளைப்பதில்லை. இரண்டு வயதில், நான்கு வயதில் வயிற்றுப்போக்கால் உடல் வறண்டு கிடக்கும்போது காய்ச்சலுக்கு ஐபுப்ரோபென் எழுதப்பட்டால், வறண்ட உடலில் சிறுநீரக ரத்த ஓட்டத்தைக் குறைக்கும் மருந்து அது என்பதால், பள்ளிக்குப் போகும் வயதிலும் அந்தப் பழைய 28ஐ மருத்துவரிடம் ஒரு முறை சொல்லிவிடுவது நல்லது.